கதவைச் சாத்திய வரி

எனக்கு மன்னிக்கிற மனசு கிடையாது. மன்னித்தால் மனப்பாரம் குறையும் என்று யாராவது சொன்னால், உங்கள் பாரத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஒரு மனிதர் மீது எனக்கிருந்த கோபத்தை நான் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். எங்கள் போடி ஊர் வெயிலில் அது காய்ந்து போகவில்லை, மலைச்சாரலில் பூஞ்சை பிடிக்கவும் இல்லை. அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். எங்கள் பக்கத்தில் புத்தக வெளியீடு எங்கே நடந்தாலும் அவர் தோளில் ஒரு பொன்னாடை விழும்.

அவரிடம் நான் மாட்டிக்கொண்டது ஒரு மலையாள நாவலால். அதை எழுதிய அம்மா போடிமெட்டு மலை தாண்டி, மலையாளம் பேசுகிற பக்கம் ஏலத்தோட்டத்து வீட்டில் இருக்கிறார். என்னைப் பெற்ற அத்தா கொஞ்ச காலம் மலையிலேயே ஏலக்காய்க் கடை வைத்திருந்ததால் நான் அங்கே பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தேன். கல்யாணமாகிப் போடிக்கு வந்த பிறகு, மத்தியானச் சோலி முடிந்து வீடு அடங்கும் நேரங்களில் அந்த நாவலைத் தமிழில் எழுதினேன். யாரும் கேட்டு எழுதவில்லை. கதை என்னை விடவில்லை, அவ்வளவுதான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு பெண். புருஷன் ஒருநாள் காலையில் அரிசி வாங்க மலையிறங்கிப் போகிறான். அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அவள் தினமும் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறாள். பிறகு ஒருநாள் அவனுக்கென்று வைப்பதை நிறுத்துகிறாள். பிள்ளை வளர்கிறான். கடைசி அத்தியாயத்தில் புருஷன் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதவன் மாதிரி உட்கார்ந்து சோறு கேட்கிறான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

முதல் பக்கத்தில் அவன் கிளம்பும்போது மலையாளத்தில் ஒரு சின்ன வாக்கியம் இருக்கும். நான் அதை இப்படி எழுதியிருந்தேன்: "கதவைச் சாத்திவிட்டு அவன் போனான்." இதில் ஒரு அலங்காரமும் கிடையாது. மூலத்திலும் கிடையாது.

அப்போது நான் போய்க் கேட்ட பதிப்பாளர், உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது, பெயருள்ள ஒருவர் ஒரு பார்வை பார்த்துக் கொடுத்தால் போடலாம் என்றார். அத்தா என்னைப் பேராசிரியர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது நல்ல ஏலக்காயாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டார். பேராசிரியர் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் படியை அப்படியே தரக் கூடாது என்றார். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் ஒரு கட்டத்துக்கு ஒரு வரியாக என் தமிழைத் தட்டச்சு செய்து, வலது பக்கத்தைக் காலியாக விட்டு அனுப்ப வேண்டும். அதில் அவர் திருத்தி எழுதுவார்.

"ஒவ்வொரு வரியும் தனியா நின்னு ஜொலிக்கணும்மா. மால கட்டுறவன் பூவைத் தனித்தனியாத்தான் பாப்பான்" என்றார்.

அவருக்கு மலையாளம் ஓர் எழுத்தும் தெரியாது. கட்டத்தில் இருக்கும் வரியை மட்டும் பார்ப்பார், பக்கத்துக் கட்டத்தில் அழகாக ஒன்று எழுதுவார், அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வரப்போகிறது என்று எட்டிப் பார்க்கிற பழக்கமே இல்லை. முதல் அத்தியாயங்களில் அவர் பக்கம் நிரம்பி வழிந்தது. போகப்போக மெலிந்து, கடைசி அத்தியாயம் ஒரு கோடுகூடப் படாமல் திரும்பி வந்தது. அவருக்கு அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கதவு வரிக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இது: "திரும்பி வராத பாதையில் அவன் காலடி எடுத்து வைத்தான்."

புத்தகம் வந்தபோது அட்டையில் 'தமிழில்' என்று போட்டு அவர் பெயர். என் பெயர் உள்ளே நன்றிப் பட்டியலில், அட்டை வடிவமைத்தவருக்கும் அச்சகத்தாருக்கும் நடுவில் இருந்தது. நேரில் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை, சிரித்தார்.

"உனக்கு மலையாளம் தெரியும், நான் இல்லைங்கல. ஆனா தமிழ்ல-ன்னு போடுற எடத்துல தமிழ் தெரிஞ்சவன் பேரத்தானம்மா போடுவாங்க?"

அந்தச் சிரிப்பைக்கூட விட்டிருப்பேனோ என்னவோ. வெளியீட்டு விழாவை விட முடியாது. போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அவர் மேடையில் நின்று, கண்ணை மூடி, அந்தத் திரும்பி வராத பாதை வரியை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தாவும் கை வலிக்கத் தட்டினார். என் பக்கம் குனிந்து, "என்னமா எழுதிருக்க தாயி!" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொல்வேன்? "ஆமாத்தா" என்றேன். மறு வருஷம் அத்தா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். என் மகள் எழுதிய வரி என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் வரியை அல்ல. அத்தா போன அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தப் பேராசிரியர் இதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது.

வாய்ப்பைத் தேவாரம் ஊரிலிருந்து ஒரு வாசகர் கொண்டுவந்து சேர்த்தார். நாவலாசிரியைக்குப் போன் போட்டு, "அம்மா, மொதப் பக்கத்துலயே திரும்பி வர மாட்டான்னு எழுதிப்புட்டீங்க. கடைசியில வந்து நிக்கிறானே, மறந்துட்டீகளா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்குத் தமிழ் காதால் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. தன் புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்துக்கு எதற்குத் தன்னைக் கேட்கிறார்கள் என்று பதறிப்போய்விட்டார். எனக்குப் போன் செய்து கேட்டார், இரண்டு தமிழ் இருப்பதை நான்தான் சொன்னேன். அந்தச் சமயத்தில்தான் மதுரையில் வேறொரு பதிப்பகம் நாவலை மறுபடி போட அவரிடம் அனுமதி கேட்டிருந்தது. எந்தத் தமிழ் என்று தெரியாமல் தர மாட்டேன் என்றார் அவர்.

பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்த பெண் கறாரான ஆள். என்னிடம் என் பழைய படியைக் கேட்டு வாங்கினாள். இரண்டு தமிழும் வேறுபடுகிற இடங்களைக் குறித்துக்கொண்டாள். பிறகு எனக்கும் பேராசிரியருக்கும் போன் செய்தாள். "ரெண்டையும் அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவோம். நீங்க ரெண்டு பேரும் வாங்க. எது அவங்க எடுக்குறாங்களோ அந்தத் தமிழ்தான் அச்சுக்குப் போகும், அந்தப் பேருதான் அட்டையில வரும்."

பேராசிரியர் உடனே சம்மதித்தார். தன் வரிகள் காதில் விழுந்தால் போதும், யாரும் மயங்கிவிடுவார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. நானோ மலையாளத்தையும் என் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலிலிருந்து கடைசிவரை திரும்பப் படித்தேன். அவர் மாற்றிய ஒவ்வொரு வரியையும் அது இருக்கிற பக்கத்தோடு சேர்த்துப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

போடியிலிருந்து ஜீப்பில் போனோம். அவர் முன் இருக்கையில், நானும் அந்தப் பெண்ணும் பின்னால். கொண்டை ஊசி வளைவுகளில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முந்திக்கொண்டு போயின. அவர் வழியெல்லாம் டிரைவரிடம் தன் மேடை அனுபவங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். போடிமெட்டில் மூடுபனி இறங்கியபோதுதான் பேச்சு நின்றது, குளிருக்குத் துண்டைக் காதில் சுற்றிக்கொண்டார்.

நாவலாசிரியை பால் விடாத கட்டன்காப்பி கொடுத்து உட்கார வைத்தார். ஸ்டோரில் ஏலக்காய் காய்ந்துகொண்டிருந்த வாசனை வீட்டுக்குள்ளும் இருந்தது. பதிப்பகத்துப் பெண் விதிகளைச் சொன்னாள். வரியை மட்டும் படிக்க மாட்டாள். அதற்கு முன்னால் உள்ள பத்தியில் ஆரம்பித்து, வரியைக் கடந்து, அடுத்த பத்தி வரை போவாள். ஒருமுறை ஒரு தமிழில், அடுத்த முறை மற்றதில். இடத்துக்கு இடம் வரிசை மாறும். யாருடையது என்று யாரும் சொல்லக் கூடாது. கேட்ட பிறகு நாங்கள் இருவரும் எது வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

"நல்லாருக்குங்கிறது காரணம் ஆகாது. அந்த எடத்துல அது என்ன செய்யுதுன்னு சொல்லணும்" என்றாள்.

"எனிக்குப் பிடிக்காத காரணம் ஆனாலும் பறையணும், சொல்லிரணும்" என்றார் அந்த அம்மா.

முதல் சில இடங்கள் சில்லறை. மழையைப் பற்றிய ஒரு வரி, மேஸ்திரி அதட்டுகிற ஒரு வரி. பேராசிரியர் ஒவ்வொன்றுக்கும் ஓசை நயம், சொல்வளம் என்று அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்ன காரணத்தையே வேறு வேறு சட்டை போட்டுக் கொண்டுவந்தார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டு குறித்துக்கொண்டார்.

பிறகு பிள்ளை கேட்கிற இடம் வந்தது. புருஷன் போன மூன்றாம் நாள் ராத்திரி, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பிள்ளை, "அப்பா எங்க?" என்று கேட்கிறான். ஒரு தமிழில் தாய் சொல்கிறாள்: "உன் அப்பா அரிசி வாங்குவதற்காகக் கீழே போயிருக்கிறார், வந்துவிடுவார், நீ சாப்பிடு." மற்றதில்: "வந்துடுவாரு. சாப்பிடு."

முதலாவது என்னுடையது. மூலத்தில் நீளமாக இருக்கிறது என்று நானும் நீளமாக எழுதியிருந்தேன்.

"ரெண்டாவது வேணும்" என்றேன். பேராசிரியர் சடக்கென்று திரும்பிப் பார்த்தார்.

"காரணம்?" என்றாள் அந்தப் பெண்.

"பிள்ளை இத மொத தடவ கேக்கல. முந்தின பத்தியிலயே ரெண்டு தடவ கேட்டுட்டான், அவளும் வெவரமாப் பதில் சொல்லிட்டா. திரும்பக் கேட்டா எந்தத் தாயும் முழுசாச் சொல்ல மாட்டா. அடுத்த பத்தியில அவ தண்ணிய மட்டும் குடிச்சிட்டுப் படுக்குறா. அப்படிப் படுக்கப்போறவ பேச்சு ரெண்டு சொல்லுக்கு மேல போகாது. மலையாளத்துல நீளமா இருந்தாலும் அங்க அது அலுப்பாத்தான் கேக்குது. தமிழ்ல அதே நீளம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஆயிருது."

அந்த அம்மா கண்ணை மூடி யோசித்தார். "செரி. அது மதி. அவள்டெ தளர்ச்ச அதில் உண்டு" என்றார். அதுவே போதும், அவள் அலுப்பு அதில் இருக்கிறது என்று அர்த்தம்.

பேராசிரியருக்குத் தாங்கவில்லை. விதி காற்றில் போயிற்று. "அது நான் எழுதுனது! நல்லா ஞாபகம் இருக்கு, நான்தான் வெட்டிச் சுருக்குனேன்" என்றார். என்னைப் பார்த்து, பெருந்தன்மையோடு, "பரவால்லம்மா, ரசனை வந்திருக்கு" என்றார்.

அந்தச் சந்தோஷத்தை அவர் முழுசாக அனுபவிக்கட்டும் என்று விட்டேன். வரி உண்மையிலேயே நல்ல வரி. நான் சொன்ன காரணத்தில் பொய்யில்லை. ஆனால் அவர் வாயாலேயே அது தன்னுடையது என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நான் காப்பியைக்கூடத் தொடாமல் காத்திருந்தேன்.

அடுத்தது கதவு. ஒழுங்குப்படி அது முதலிலேயே வந்திருக்க வேண்டும், அந்தப் பெண் வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தாள். இரண்டையும் ஒரே குரலில் படித்தாள். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார், மண்டபத்தில் மூடிய அதே மாதிரி.

"இதுக்கெல்லாம் காரணம் சொல்லணுமாம்மா? கதவைச் சாத்துறது யாரு வேணாலும் எழுதலாம். அந்தப் பாதையில ஒரு சோகம் இருக்கு பாருங்க. கேட்டவங்க அழுதிருக்காங்க."

"யாருக்குத் தெரியும் சார் அது திரும்பி வராத பாதைன்னு?" என்று கேட்டேன்.

"என்ன?"

"அந்தப் பத்தி முழுசும் அவ கண்ணு வழியாப் போகுது. அடுப்புப் புகையில அவன் முதுகு தெரியுது, செருப்புச் சத்தம் கேக்குது. அவ அறிஞ்சது அவ்வளவுதான். அரிசி வாங்கப் போறான்னு நெனச்சுக்கிட்டு இருக்குறவளுக்கு அவன் வர மாட்டான்னு யாரு சொன்னா?"

"கதாசிரியருக்குத் தெரியும்ல?"

"கதாசிரியர் சொல்லல. சொன்னது நீங்க. சரி, நாலு பக்கம் தள்ளுங்க. பிள்ளைகிட்ட 'வந்துடுவாரு. சாப்பிடு'-ங்கிறா. நீங்க எழுதுன வரி, நானே நல்லாருக்குன்னு சொன்னேன். அத வாசிக்கிறவன் நம்பணும் சார். வந்துடுவானோ, வந்துடுவானோன்னு அவளோட சேந்து ஒல வைக்கணும். மொதப் பக்கத்துலயே வர மாட்டான்னு சொல்லிட்டா, அவ சொல்றதக் கேட்டு யாரு காத்திருப்பா? பாவம் பொம்பள, புத்தி இல்லாதவ-ன்னு நெனைப்பாங்க. இந்த நல்ல வரியக் கொன்னது நானில்ல. உங்க பாதைதான்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சூடாக இருந்தது, வெளியே அவ்வளவு குளிரில்.

"இன்னும் முடியல. கடைசிப் பக்கத்தப் படிங்க" என்றேன் அவளிடம்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு தமிழுக்கும் வித்தியாசம் கிடையாது, அவர் தொடாத அத்தியாயம் அது. அவள் படித்தாள். புருஷன் வந்து உட்கார்கிறான், சோறு கேட்கிறான், அவள் போடுகிறாள், பையை எடுக்கிறாள். கடைசி வாக்கியம்: "கதவைச் சாத்திவிட்டு அவள் போனாள்."

நான் பேராசிரியரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறார் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"அவன் போன மாதிரியே அவளும் போறா. அதே கதவு, அதே வார்த்தைங்க. மொதப் பக்கத்துல அந்த வரிய எடுத்துட்டா இதுக்கு அர்த்தமே இல்ல, யாரோ கதவச் சாத்துற மாதிரி இருக்கும். முன்னூறு பக்கம் அந்தம்மா கட்டுனது அந்தக் கதவத்தான். அப்புறம் சார், திரும்பி வராத பாதையில போனவன் சோத்துக்கு முன்னாடி உக்காந்திருக்கான். அவன எந்திரிச்சுப் போகச் சொல்லலாமா?"

நாவலாசிரியை பேராசிரியர் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை. "ஞான் கதவாணு எழுதியது மாஷே. வழியல்ல. இத்ர நாள் ஆளுகள் என்னெக் கேட்டு, மறந்துட்டீகளான்னு" என்றார். பிறகு பதிப்பகத்துப் பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவள்டெ தமிழ் மதி. இவள்டெ பேரு மதி. அந்தக் குட்டி சோறு உண்ணுந்ந வரி மாத்ரம் மாஷ்டெ எடுக்கலாம், மாஷ் சம்மதிச்சால்" என்றார்.

"சம்மதம்" என்றார் அவர். குரல் கீழே எங்கேயோ இருந்தது.

ஜெயித்தால் மனசு இளகும் என்று சொல்கிறார்கள். எனக்கு இளகவில்லை. மண்டபத்தில் தட்டிய கைகள் எல்லாம் இங்கே இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அதில் இரண்டு கைகள் இனி எங்கேயும் இல்லை என்பது அடுத்த நொடியில் தோன்றியது. அப்போது மறுபடியும் கோபம் வந்தது.

இறங்கும்போது பதிப்பகத்துப் பெண் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் எனக்குப் பக்கத்தில் பின் இருக்கையில் வர வேண்டியதாயிற்று. வளைவுகளில் எல்லாம் என் மேல் சாயாமல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். டிரைவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடிவாரத்து வெக்கை முகத்தில் அடித்த பிறகு, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"கடைசி அத்தியாயத்த நான் படிக்கலன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"அப்பத் தெரியாது சார். அலுப்புல திருத்தாம விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். படிக்கவே இல்லைங்கிறது இன்னைக்கு உங்க மொகத்தப் பாத்துத்தான் தெரிஞ்சது, இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

அவர் காதில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மடித்தார். "அது புஸ்தகமா வந்தப்புறமும் படிக்கல" என்றார். ஏன் அதையும் சொன்னார் என்று தெரியவில்லை, நான் கேட்கவில்லை. பிறகு என் கையைத் தொடப் போய், தொடாமல், "இத வெளிய யார்கிட்டயும் சொல்லிராதம்மா. இந்த வயசுல வேண்டாம்" என்றார்.

என் தெரு முனையில் ஜீப் நின்றது. நான் இறங்கினேன். அவர் என் பதிலுக்காகக் குனிந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய், கைகால் கழுவி, உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.